பன்னிரண்டு துண்டுகள்

தையற்கடைப் பையனைப் பற்றி நான் எழுதிய சிறுகதை வெளிவந்த பிறகு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தன. "மாஸ்டர் படுத்துவிட்டார், அளவுச் சீட்டும் தொலைந்து போயிற்று என்றால், வாடிக்கைக்காரரைக் கூப்பிட்டு மறுபடி அளவு எடுத்துவிட்டால் போகிறது. இதற்கு ஒரு கதையா?" என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், தம் வீட்டுக்கு எதிரே இருக்கும் தையற்காரர் ஐந்து நிமிஷத்தில் அளவு எடுத்துவிடுகிறார் என்றும், ஆகையால் என் பையன் வீணாக இரவெல்லாம் கண் விழித்தான் என்றும் எழுதியிருந்தார்.

கேள்வி நியாயமானதுதான். கதையில் அதற்கு விடை இருக்கிறது. ஆனால் கதைக்குள் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இங்கே சொல்லலாம்.

முதலில் கதையைப் படிக்காதவர்களுக்காக அதைச் சுருக்கிவிடுகிறேன். ஒரு பையன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய், தையற்கடையில் காஜா எடுக்கச் சேர்கிறான். கடையில் மாஸ்டர் ஒருவரே வெட்டுவார். ஒரு நாள் வெள்ளைப் பாப்ளினில் ஒரு சட்டையை வெட்டிச் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு அன்று இரவே பக்கவாதம் வந்துவிடுகிறது. பேச்சு நின்றுபோகிறது. சட்டை மறுநாள் மாலை கொடுத்தாக வேண்டும். அணிகிறவருக்கு அதற்கடுத்த நாள் காலையில் பேத்தி கல்யாணம். பையன் மூட்டையை அவிழ்க்கிறான். வலது முன்பாகமும் இடது முன்பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மாஸ்டரின் கை அன்றைக்கே நடுங்கிவிட்டதா, அல்லது அவர் வேண்டுமென்றே அப்படி வெட்டினாரா? கதை அவ்வளவுதான்.

இதை எழுதுவதற்கு எனக்குத் துணை நின்றவர் மதுரையில் புது மண்டபத்தில் கடை வைத்திருந்த ஒரு தையற்காரர். மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் ஒரு காலத்தில் சிற்பத் தூண்களுக்கு இடையில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாளியின் காலடியில் ஒருவர் பாவாடை தைத்துக்கொண்டிருப்பார். பக்கத்துத் தூணில் பாத்திரக் கடை, அதற்கடுத்துப் புத்தகக் கடை. இப்போது அந்தக் கடைகள் அங்கே இல்லை. 1988 வாக்கில் நான் ஒரு மாதம் போல மதுரையில் தங்கியிருந்தபோது மாலை வேளைகளில் அவருடைய பலகையின் ஓரத்தில் போய் உட்காருவேன். அவர் வாய் பேசும், கை வேலை செய்யும். என் நோட்டுப் புத்தகத்தைக் கண்டால் மட்டும் வாய் நின்றுவிடும். ஆகையால் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அவர் கடையிலும் ஒரு பையன் இருந்தான். முதல் வருஷம் காஜா, பொத்தான், எம்மிங். இரண்டாம் வருஷம் இயந்திரத்தில் நேர்த் தையல். கத்திரியைத் தொடுவதற்கு முன்னால் அவர் அவனுக்கு வைத்த பரீட்சைதான் என் கதைக்கு விதை. வெட்டிய சட்டை ஒன்றின் துண்டுகளைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்து அவன் முன்னால் போடுவார். "எது எதோட சேரும், சொல்லு. தொடாமச் சொல்லு" என்பார்.

ஓர் அரைக்கைச் சட்டைக்குப் பன்னிரண்டு துண்டுகள். முன்பாகம் இரண்டு, முதுகு ஒன்று, தோளின் மேல் படிகிற துண்டு மேலும் உள்ளுமாக இரண்டு, கை இரண்டு, காலர் இரண்டு, காலருக்கு அடியில் நிற்கிற பட்டி இரண்டு, பை ஒன்று. பார்த்தால் ஒன்றுகூடச் சட்டை மாதிரி இராது. தோள் துண்டு ஏதோ தலையணை உறையின் கிழிசல் போல இருக்கும். கையை விரித்துப் போட்டால் மணியைக் கவிழ்த்தாற்போல இருக்கும். மனிதக் கைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது.

எனக்குப் பள்ளிக்கூட நினைவு வந்தது. சொற்களைக் கலைத்துக் கொடுத்து ஒழுங்குபடுத்தி எழுதச் சொல்லுவார்கள் அல்லவா? "குழந்தைக்கு, கொடுத்தான், பழத்தை, முருகன்" என்று எப்படிக் கலைத்தாலும் நம்மால் பொருள் சொல்ல முடிகிறது. காரணம் சொல்லின் இடமல்ல, அதன் ஓரம். பழத்தின் ஓரத்தில் 'ஐ' ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் ஓரத்தில் 'கு' இருக்கிறது. யார் கொடுத்தான், எதை, யாருக்கு என்பதெல்லாம் கடைசி எழுத்தில் அடங்கிக் கிடக்கின்றன. துணித் துண்டும் அப்படித்தான். நடுவே ஒரு சேதியும் இல்லை, வெறும் துணி. சேதியெல்லாம் ஓரத்தில். இந்த உவமையை நான் அப்படியே என் கதைப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவனுக்கு அந்தப் பயிற்சி நினைவிருக்கும்.

ஆனால் ஓரத்தைப் படிப்பது அவ்வளவு லேசு அல்ல. ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்துப் பொருந்துகிறவற்றைச் சேர்த்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பக்கத் தையலுக்கு அது சரி. கைக்குச் சரிப்படாது. அக்குள் வளைவு உள்ளே குழிந்திருக்கிறது. கையின் மேல் வளைவு வெளியே குவிந்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். டேப்பை வைத்து வெட்டு ஓரத்தை அளந்தாலோ, கையின் வளைவு ஓர் அங்குலம்கூட அதிகமாகத் தெரியும். புதிதாய்க் கத்திரி பிடித்தவன் என்ன செய்வான்? "மாஸ்டர் கையைப் பெரிசா வெட்டிட்டாரு" என்று மேலே கொஞ்சம் கத்தரித்துவிடுவான். அதோடு சட்டை போயிற்று. போட்டுக்கொண்டால் கை சரியாக விழாது. கையின் தலையிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கங்கள் விழும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்தே, கையின் தலையை யாரோ கொய்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாமாம்.

ஏன் அப்படி? தையல் ஓடுவது ஓரத்தில் அல்ல. ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே. வெளியே குவிந்த வளைவில் உள்ளே போகப் போகக் கோடு சிறுக்கும். உள்ளே குழிந்த வளைவில் துணிக்குள் போகப் போகக் கோடு பெருக்கும். ஆகவே ஓரத்தில் அளந்தால் கை பெரிசு, அக்குள் சிறிசு. தையற்கோட்டில் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம், கைக்கு மட்டும் ஓர் இழை தாராளம் இருக்கும். இதைப் பையனுக்கு அவர் கணக்காகச் சொல்லித் தரவில்லை. ஒரு நூலை எடுத்து, அரை அங்குலம் உள்ளே தள்ளி வளைவின் மேல் படுக்க வைத்து, நூலின் நீளத்தைக் கையிடம் கொண்டுபோய் வைத்துக் காட்டினார். டேப் வளைவில் சரியாகப் படியாது, நூல் படியும். இந்த நூலைக் கதையின் உச்சத்துக்காக நான் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

இன்னொரு தொல்லை உள்பக்கம், வெளிப்பக்கம். பாப்ளினில் இரண்டு முகமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு துண்டைப் புரட்டிப் போட்டுவிட்டால் வலது இடதாகிவிடும். துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து, ஒரே அட்டையை இரண்டு தடவை வைத்து, புரட்ட மறந்து வெட்டினால் இரண்டும் இடது கையாக வரும் என்று அவர் சொன்னார். அச்சுத் துணியாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். வெற்றுத் துணியில் தைக்கும்போதுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் நீலச் சாக்கால் ஒரு பெருக்கல் குறி போடுவார். முன்பக்க வளைவில் கத்திரி நுனியால் ஒரு சின்ன வெட்டு, பின்பக்க வளைவில் இரண்டு. கையிலும் அதே ஒன்று, இரண்டு. ஒன்று ஒன்றோடு சேரும், இரண்டு இரண்டோடு சேரும். இவையே அவருடைய வேற்றுமை உருபுகள்.

இனிக் கதையின் இரவுக்கு வருகிறேன்.

பையன் தரையில் ஜமுக்காளம் விரித்துப் பன்னிரண்டு துண்டுகளையும் பரப்புகிறான். எல்லாம் பெருக்கல் குறி மேலே தெரியும்படி. முன்பாகம் இரண்டையும் எடுத்து முகத்தோடு முகம் ஒட்டி வைக்கிறான். கழுத்து சேர்கிறது. கீழ் விளிம்பு சேர்கிறது. ஆனால் வலது முன்பாகத்தில் அக்குளின் அடி அரை அங்குலம் கீழே இறங்கியிருக்கிறது. அதனால் பக்கத் தையலும் அந்தப் பக்கம் அரை அங்குலம் குட்டை. எது வலது என்று அவனுக்குத் தெரியும். ஆண் பிள்ளைச் சட்டையில் காஜா இடது பக்கம். இரண்டு வருஷமாக அவன் எடுத்ததெல்லாம் காஜாதானே!

முதலில் அவனுக்கு வருவது அழுகை. மாஸ்டரின் கை அன்று மாலையே இழுத்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறான். இரண்டாவதாக வருவது கத்திரி. இடது பக்கத்தையும் அரை அங்குலம் இறக்கிவிட்டால் இரண்டும் சமமாகிவிடும், யாருக்கும் தெரியாது, மாஸ்டரின் பெயரும் கெடாது. கத்திரியை எடுத்துக்கூட விடுகிறான்.

இங்கே நான் அவனை நிறுத்தினேன். ஆசிரியனாக நின்று நிறுத்தவில்லை. அவனுடைய தொழிலைக்கொண்டே நிறுத்தினேன். முன்பாகம் இரண்டையும் துணியை மடித்து ஒன்றாக வைத்துத்தான் மாஸ்டர் வெட்டுவார். கை நடுங்கியிருந்தால் நடுக்கம் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வித்தியாசம் என்றால், முதலில் சேர்த்து வெட்டி, பிறகு பிரித்து, வலது துண்டைத் தனியே எடுத்து மறுபடி வெட்டியிருக்கிறார். நடுங்குகிற கை அப்படி ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போகுமா?

ஆனாலும் அது ஒரு சந்தேகந்தான், சாட்சியல்ல. பையன் முதுகுத் துண்டை எடுக்கிறான். நடுவில் மடித்துப் பார்க்கிறான். அதிலும் வலது அக்குள் அரை அங்குலம் கீழே. அதோடு மேல் விளிம்பு வலது தோளை நோக்கிச் சரிந்துகொண்டே போய், கோடியில் அரை அங்குலம் குறைந்திருக்கிறது. தோள் துண்டை எடுக்கிறான். அதன் வலது கோடி இடது கோடியைவிட அரை அங்குலம் குறுகல். தோள் துண்டு இரண்டிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் இரண்டையும் அடுக்கி வெட்டியிருப்பார்கள், ஆகையால் அதை ஒரு சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பையன் கணக்குப் போடுகிறான். இந்த வரியைப் படித்துக் காட்டியபோது என் தையற்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வலது தோளில் முதுகின் மேலே அரை அங்குலம் கழிந்திருக்கிறது. தோள் துண்டில் அரை அங்குலம் கழிந்திருக்கிறது. மொத்தம் ஓர் அங்குலம். அக்குளின் அடியில் முன்னே அரை, பின்னே அரை, ஓர் அங்குலம் கூடியிருக்கிறது. கழித்தது எவ்வளவோ, கூட்டியதும் அவ்வளவே. அப்படியானால் அக்குளின் சுற்றளவு மாறக்கூடாது. பையன் நூலை எடுக்கிறான். இடது அக்குளைத் தையற்கோட்டில் சுற்றி அளந்து நூலில் முடிச்சுப் போடுகிறான். அதே நூலை வலது அக்குளில் படுக்க வைக்கிறான். முன்பாகம், தோள் துண்டு, முதுகு என்று மூன்று துண்டுகளின் மேலும் நூல் ஊர்ந்து போய், முடிச்சு சரியாக வந்து சேருகிறது. கைகள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறான். அவற்றில் மயிரிழை வித்தியாசமில்லை. வேண்டியதில்லையே!

"அவன் வந்தாள்" என்று ஒரு குழந்தை எழுதியிருந்தால் தப்பு என்கிறோம். ஆனால் ஒரு கடிதம் முழுவதும் அவள் வந்தாள், உட்கார்ந்தாள், அழுதாள் என்று இருந்தால், நாம் 'அவன்' என்று எதிர்பார்த்திருந்தாலும், எழுதியவர் ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று ஏற்றுக்கொள்கிறோம். பிழை தனியாக நிற்கும். கருத்து மற்றச் சொற்களையும் தன்னோடு திரும்ப வைக்கும். முன்பாகமும் முதுகும் தோளும் ஒரே சேதியைச் சொல்லின: இந்தச் சட்டையைப் போடுகிற மனிதருக்கு வலது தோள் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது.

பையன் கத்திரியைப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டுத் தைக்க உட்காருகிறான்.

மறுபடி அளவு எடுத்தால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். எடுக்கட்டும். என்னென்ன எடுப்பார்கள்? உயரம், தோள் அகலம், மார்பு, வயிறு, கையின் நீளமும் சுற்றும், கழுத்து. நோட்டில் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிற எண்கள். அவற்றில் எந்த எண் தோளின் சாய்வைச் சொல்லும்? தோள் பதினேழரை என்று டேப் சொல்லும். அந்தப் பதினேழரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று சொல்லாது. தாழ்ந்த தோளுக்குச் சாதாரணச் சட்டை போட்டால் வலது அக்குளின் கீழே துணி மடிந்து தொங்கும். கழுத்திலிருந்து சாய்வாக ஒரு வரி ஓடும். காலர் ஒரு பக்கம் கோணும். அதைப் போட்டவர் தம் உடம்பைத்தான் நொந்துகொள்வார். வலக்கைப் பழக்கமுள்ள பலருக்கு வலது தோள் சிறிது தாழ்ந்துதான் இருக்கிறது. கால் அங்குலத்துக்குள் என்றால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அரை அங்குலம் என்றால் துணி காட்டிக் கொடுத்துவிடும்.

நல்ல மாஸ்டர் டேப்பைப் பையனிடம் கொடுத்து எண்களை எழுதச் சொல்லிவிட்டுத் தாம் நாலடி பின்னால் போய் நிற்பாராம். வந்தவர் அங்கே விலையைப் பேசிக்கொண்டோ, மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டோ இருப்பார். இவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்ததை எழுதி வைப்பதில்லை. "எழுதினா அவரு படிச்சிடுவாரில்ல சார்? 'வலது தோள் இறக்கம்'னு எழுதி வச்சு, அவரு கண்ணுல பட்டா மனசு என்ன ஆகும்?" என்று கேட்டார். இது எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. ஆகவே சீட்டு தொலையாமல் இருந்திருந்தாலும் அதில் இந்தச் சேதி இராது. மாஸ்டர் அதைத் துணியில் மட்டுந்தான் எழுதினார். அதைப் படிக்கக்கூடியவன் உலகத்தில் அந்த ஒரு பையன்தான், அவனும் அரைகுறையாக.

இந்த வழியில் எல்லாவற்றையும் படித்துவிட முடியும் என்று நான் சொல்லவரவில்லை. கையின் மடிப்புக்கு எவ்வளவு விட்டிருக்கிறார், பை எந்த உயரத்தில் என்பவற்றைத் துண்டுகள் சொல்லமாட்டா. பையன் அவற்றைக் கடை வழக்கப்படி செய்கிறான். துணி துவைத்தால் சுருங்கும் என்று எண்ணி விட்ட தாராளமா, அணிகிறவர் தொளதொளவென்று கேட்டதால் விட்டதா என்பதும் தெரியாது. ஒரு நிமிஷம் அவன் உள் தோள் துண்டைப் பெருக்கல் குறி கீழே போகும்படி வைத்துவிடுகிறான். தாழ்ந்த கோடி இடது பக்கம் வந்துவிடுகிறது. இரண்டு தோள் துண்டுகளும் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசுவதைக் கண்டு புரட்டிப் போடுகிறான். ஒற்றைத் துண்டாக இருந்திருந்தால் தைத்தே முடித்திருப்பான்.

அணிகிறவர் யார் என்பதைக் கடைசிப் பக்கம் வரை நான் சொல்லவில்லை. வாலிபத்தில் தென்னை மரத்திலிருந்து விழுந்து காரை எலும்பு முறிந்தவர். எலும்பு கூடிற்று, ஆனால் குறுகிக் கூடிற்று. அந்தத் தோள் அன்றிலிருந்து தாழ்ந்தே போயிற்று. எப்போதும் வலது தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டு மறைத்துக்கொண்டு நடக்கிற மனிதர். சட்டையை வாங்க வரும்போதும் துண்டோடுதான் வருகிறார். போட்டுப் பார்க்கத் துண்டை எடுக்கிறார். கண்ணாடியில் பார்க்கிறார். மீண்டும் துண்டைப் போட்டுக்கொள்ள மறந்து, கூலி எவ்வளவு என்று கேட்கிறார்.

இதற்கும் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவர் ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கக்கூடாதா என்று. அவருக்கு எப்படித் தெரியும்? தமக்காக அரை அங்குலம் இறக்கியிருக்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சட்டை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மாஸ்டரோ வீட்டில் பேச்சில்லாமல் படுத்திருக்கிறார். பையன் போய்ச் சொல்லலாம், என்ன சொல்லுவான்? "நீங்க வெட்டினது எனக்குப் புரிஞ்சுது" என்றா? அந்தக் காட்சியை எழுதித்தான் பார்த்தேன். மாஸ்டரின் கண்ணில் நீர் வந்தது. நீர் வந்தவுடன் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பதிலாக, கூலியைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் இன்னொரு சட்டைக்குத் துணி தருகிறார். பையன் டேப்பை எடுத்து அளக்கிறான், எண்களை எழுதுகிறான், நோட்டை மூடுகிறான். பிறகு நாலடி பின்னால் போய் நிற்கிறான்.

"அளவெல்லாம் எடுத்தாச்சே, இன்னும் என்ன தம்பி பார்க்கிறே?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. செத்த அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றான்.